2012-ல் பதிவான டொமைன், 2 மாதக் கடை

2025 செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி திண்டுக்கல்லில் இருந்து அக்கா வீட்டு மாமா கூப்பிட்டார். தோட்டத்துக்கு ஒரு பவர் வீடர் வாங்கணும், கடையில் 50 ஆயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை, ஆனால் ஒரு வெப்சைட்டில் அதே மாடல் 18,999 ரூபாய்க்கு இருக்கிறது, 2,000 ரூபாய் கட்டி புக் பண்ணியாச்சு, மீதியை நாளைக்குள் கட்டினால் டெலிவரி இலவசம் என்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே, "மாப்ள, நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். நானே செக் பண்ணிட்டேன். அந்த சைட்டு 2012-ல இருந்து இருக்கு. நேத்து முளைச்சது இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெப்சைட்டின் வயதைக் காட்டுகிறோம் என்று சொல்லும் ஒரு பக்கத்தில் பெயரைப் போட்டிருக்கிறார், "13 வருடம்" என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ஒரு நம்பகத்தன்மை மார்க்கும். போலிக் கடையைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் முதல் யோசனையே டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், எப்போது பதிவானது என்று பார் என்பதுதான், மாமா அதைச் சரியாகச் செய்திருந்தார். செய்தும் ஏமாந்தார். எப்படி என்று தேடப் போனதுதான் இந்தக் கதை. அந்த டொமைனின் உண்மையான பெயரை இங்கே போடவில்லை, காரணம் பின்னால் வரும். கட்டளைகளில் example.com என்று இருக்கும் இடத்தில் நீங்கள் தேடும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மாமா பார்த்த அதே தகவலை அதன் மூல இடத்தில் போய்ப் பார்த்தேன். இந்த மாதிரி "வயது பார்க்கும்" பக்கங்கள் எல்லாம் எங்கிருந்தோ எடுத்து, தங்கள் பக்கத்தில் சில சமயம் பழைய நகலை வைத்துக் காட்டுகின்றன. மூலம் என்பது ரெஜிஸ்ட்ரி, அதாவது ஒரு விகுதியில் முடியும் எல்லாப் பெயர்களின் பதிவேட்டையும் வைத்திருக்கும் அமைப்பு, .com என்றால் வெரிசைன், .in என்றால் நிக்ஸி. முன்பெல்லாம் இதற்கு ஹூஇஸ் என்ற பழைய முறைதான், கேள்வி கேட்டால் ஒரு நீளமான உரையைத் துப்பும், ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு மாதிரி துப்பும். இப்போது ஆர்டேப் என்ற முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. .com, .net, .org மாதிரிப் பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28-க்குப் பிறகு ஹூஇஸ் நடத்த வேண்டிய கட்டாயமே இல்லை என்று டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐகேன் விட்டுவிட்டது, சில இடங்களில் பழைய ஹூஇஸ் இன்னும் ஓடுகிறது, அவ்வளவுதான். டெர்மினல் பழக்கம் இருந்தால் ஒரே வரி:

```
curl -sL https://rdap.org/domain/example.com | jq '.events[]'
```

இந்த rdap.org தானாக எதையும் வைத்திருப்பதில்லை. எந்த விகுதிக்கு எந்த சர்வர் என்று பார்த்து அங்கே திருப்பி விடும். டெர்மினல் வேண்டாம் என்றால் lookup.icann.org என்ற பக்கத்தில் பெயரைப் போட்டாலே போதும், அதுவும் ஆர்டேப்பைத்தான் கேட்கிறது. example.com-க்குப் போட்டால் இப்படி ஆரம்பிக்கும்:

```
{
  "eventAction": "registration",
  "eventDate": "1995-08-14T04:00:00Z"
}
```

registration என்பது பதிவான நாள். கடைசியில் இருக்கும் Z, இது உலகப் பொது நேரம் என்பதற்கான குறி. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் ஆறரைக்கு மேல் பதிவானது என்று காட்டினால் இங்கே மறுநாள் பிறந்துவிட்டது. சின்ன விஷயம்தான், ஆனால் புகாரில் தேதி எழுதும்போது உதைக்கும்.

மாமாவின் கடைக்கு வந்தது இது: registration 2012 ஜூன் 11. expiration 2026 ஜூன் 11. last changed 2025 ஜூலை 25. சரி, 2012 உண்மைதான். கண்ணை உறுத்தியது மூன்றாவது வரி. ஆனால் last changed-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் சந்தேகப்பட முடியாது. டொமைனைப் புதுப்பித்தாலும் அது மாறும், பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்லும் நேம் சர்வரை மாற்றினாலும் மாறும், பெயரை வேறு இடத்துக்கு மாற்றவிடாமல் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து மூடினாலும் மாறும். யோக்கியமான கடைக்காரர் ஹோஸ்டிங்கை மாற்றினாலும் இப்படித்தான் தெரியும்.

உறுத்தியதற்குக் காரணம் அந்தத் தேதிக்கும் ஜூன் 11-க்கும் உள்ள இடைவெளி. 44 நாள். டொமைன்காரர்களுக்கு 45 என்ற எண் நன்றாகத் தெரியும்.

ஒரு .com டொமைனின் காலம் முடிந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், மொத்த வித்தையும் இங்கேதான் இருக்கிறது. காலாவதி நாள் வந்ததும் ரெஜிஸ்ட்ரி அந்தப் பெயரைத் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீட்டிவிடும். உரிமையாளர் பணம் கட்டினாரா இல்லையா என்பது ரெஜிஸ்ட்ரிக்குத் தெரியாது. அதனால் 2025 ஜூன் 11-ல் காலாவதியான பெயருக்கு மறுநாளே 2026 என்று காட்டும். ரெஜிஸ்ட்ரார், அதாவது நம்மிடம் பணம் வாங்கி டொமைன் விற்கும் கம்பெனி, அடுத்த 45 நாளுக்குள் வேண்டாம் என்று அழித்துவிட்டால் அந்த ஒரு வருடக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அழித்தால் 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாள் காத்திருப்பு, அதன் பிறகு பெயர் முழுவதுமாக விடுபடும். அப்படி விடுபட்ட பெயரை இன்னொருவர் பதிவு செய்தால் registration தேதி புதிதாகவே ஆரம்பிக்கும். அங்கே ஏமாற்ற முடியாது.

ஆனால் கொஞ்சம் நல்ல பெயராக இருந்தால் பல ரெஜிஸ்ட்ரார்கள் அதை அழிப்பதில்லை. அந்த 45 நாளுக்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். பழைய உரிமையாளர் பணம் கட்டவில்லை, ஏலத்தில் எடுத்தவர் கட்டுகிறார், கணக்கு கைமாறுகிறது. ரெஜிஸ்ட்ரியைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை, அதே பெயர், அதே ரெஜிஸ்ட்ரார், அதே 2012. ரெஜிஸ்ட்ரார் மாறியிருந்தால் events பட்டியலில் transfer என்று ஒரு வரி வர வாய்ப்பு உண்டு, ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் கைமாறினால் அதுவும் வராது. இது சட்டப்படியான, தினமும் நடக்கிற வியாபாரம். நானே இரண்டு பெயர் இப்படி எடுத்திருக்கிறேன்.

ஆக, registration தேதி பெயரின் பிறந்தநாள். இன்றைக்கு அதை வைத்திருப்பவரோடு அதற்கு எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. பழைய வீட்டின் நெற்றியில் "1962" என்று சிமெண்டில் எழுதியிருக்கும் இல்லையா, குடியிருப்பவர் போன மாசம் வந்திருப்பார்.

ஏமாற்றுக்காரர்கள் மட்டும் செய்கிற வேலை இது என்று நினைத்துவிட வேண்டாம், வெளிச்சத்திலேயே நடந்த பெரிய கதை ஒன்று உண்டு. polyfill.io என்ற டொமைனில் இருந்து ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வருடக்கணக்காக ஏற்றிக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் டொமைன் வேறு கம்பெனியிடம் போனது. ஜூன் கடைசியில், அதே கோப்பு மொபைலில் வருகிறவர்களை வேறு தளங்களுக்குத் திருப்பி விடுகிறது என்று சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியே சொன்னது, இரண்டொரு நாளில் டொமைனை முடக்கினார்கள். நடுவில் அந்த நாலு மாதமும் அதன் பதிவுத் தேதியை யார் பார்த்திருந்தாலும் பழைய, நம்பிக்கையான பெயர் என்றுதான் தெரிந்திருக்கும்.

சரி, கைமாறியது என்று ஊகிக்கலாம், நிரூபிப்பது எப்படி? 44 நாள் கணக்கு ஒரு வாசனைதான். எனக்கு இரண்டு சாட்சி கிடைத்தது.

முதலாவது இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின். web.archive.org போய்ப் பெயரைப் போட்டால் எந்தெந்த நாளில் அந்தப் பக்கம் படியெடுக்கப்பட்டது என்று காலண்டர் மாதிரி வரும். நம் கடை "1998 முதல் கோயம்புத்தூரில்" என்று நெற்றியில் எழுதி வைத்திருந்தது. 2013-ம் வருடப் படியைத் திறந்தால் முழுக்கப் போர்ச்சுகீசிய மொழி. மண் பரிசோதனை, சோயா சாகுபடி ஆலோசனை, சிவப்பு மண்ணில் நிற்கும் இரண்டு பேர் படம். பெயரில் agro என்ற துண்டு இருந்ததால் இங்கே டிராக்டர் விற்பவனுக்கும் அது பொருந்திவிட்டது. 2025 பிப்ரவரி வரை அந்த ஆலோசனைக்காரரின் பக்கம்தான். ஜூன் கடைசிப் படியில் இந்த டொமைனின் காலம் முடிந்துவிட்டது என்ற ரெஜிஸ்ட்ராரின் அறிவிப்பு. அதற்குப் பிறகு ஆகஸ்டில் ஒரே ஒரு படி, அதில் பவர் வீடர்.

பழைய உரிமையாளர் பாவம், இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய ஹூஇஸ் பதிவுகளைச் சேர்த்து வைத்துக் காசுக்குக் காட்டும் சேவைகள் இருக்கின்றன, அங்கே அவர் பெயரும் போன் நம்பரும்கூடக் கிடைக்கலாம். அதை எடுத்து "மோசடிக்காரன் இவன்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான டொமைன் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது, சான்றிதழ் பதிவேடு. ஒரு தளத்துக்கு https பூட்டு வேண்டும் என்றால் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். 2018-லிருந்து குரோம் பிரவுசர், பொதுப் பதிவேட்டில் ஏறாத புதுச் சான்றிதழை ஏற்பதில்லை என்று வைத்துவிட்டது, அதனால் கிட்டத்தட்ட எல்லாச் சான்றிதழும் அதில் விழுகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க எளிய இடம்:

```
https://crt.sh/?q=example.com
```

இந்தப் பக்கம் அடிக்கடி திணறும், பிழை காட்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி தட்டினால் வரும். வருகிற பட்டியலில் Not Before என்ற நெடுவரிசையைத்தான் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். இலவசச் சான்றிதழ்கள் 90 நாள் உயிரோடு இருக்கும், சர்வர் அதை 60 நாளுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கும், அதனால் ஒழுங்காக ஓடும் தளத்துக்கு இதயத் துடிப்பு மாதிரி இரண்டு மாதத்துக்கு ஒரு வரி இருக்கும். நம் டொமைனுக்கு 2025 ஏப்ரல் வரை அந்தத் துடிப்பு இருந்தது. ஜூனில் வந்திருக்க வேண்டிய வரி இல்லை. ஜூலை 26-ல், அதாவது last changed-க்கு மறுநாள், புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறது. துடிப்பு நின்று, உடம்பு மாறி, மறுபடி துடிக்கிறது.

இந்த மூன்றையும், 44 நாள், மொழி மாறிய பக்கம், அறுந்து தொடங்கிய சான்றிதழ், அடுக்கி வைத்து மாமாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "அப்போ 2012?" என்றார். "பேர் 2012 மாமா. கடை ஆடி மாசம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, யாருன்னு கண்டுபிடி" என்றார்.

அதுதான் கஷ்டம். 2018 மே மாதத்துக்கு முன்னால் என்றால் ஹூஇஸ்ஸைத் தட்டினாலே பெயர், தெரு, போன், மின்னஞ்சல் எல்லாம் வந்துவிடும், உண்மையோ பொய்யோ ஏதோ ஒன்று வரும். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25-ல் அமலுக்கு வந்ததும் ஐகேன் அதையெல்லாம் மறைக்க விட்டுவிட்டது. இப்போது பெயர் இருந்த இடத்தில் REDACTED FOR PRIVACY என்று இருக்கும், பெரும்பாலும் நாடும் மாநிலமும் மட்டும் மிஞ்சும். இன்னொரு வகையும் உண்டு, உரிமையாளருக்குப் பதிலாக ஒரு மறைப்புச் சேவையின் முகவரி நிற்கும். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர முகவரி ஒன்று ஆயிரக்கணக்கான டொமைன்களில் இப்படி நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டு "ஐஸ்லாந்து கும்பல்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது தபால்பெட்டி மாதிரி, கும்பல் அல்ல.

நம் டொமைனில் மாநிலம்கூட இல்லை. நாடு இந்தியா, மீதி எல்லாம் மறைப்பு. தெரிந்தது மூன்றுதான்: ரெஜிஸ்ட்ரார் யார், அவர்களுக்குப் புகார் அனுப்பும் abuse முகவரி என்ன, நேம் சர்வர் எந்த ஹோஸ்டிங் கம்பெனியுடையது. ஐபி எண்ணையும் தட்டிப் பார்த்தேன், அதே ஹோஸ்டிங் கம்பெனி பெயர்தான் வந்தது. ஐபி பதிவில் வருவது கட்டட உரிமையாளர் மாதிரி, வாடகைக்கு இருப்பவர் பெயர் அங்கே வராது, இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வழி திறந்தது மறுபடியும் சான்றிதழில்தான். crt.sh பட்டியல், நாம் தேடிய பெயரோடு பொருந்துகிற பெயர்களை மட்டும் காட்டும். இடது ஓரத்தில் இருக்கும் எண்ணைத் தட்டினால்தான் முழுச் சான்றிதழும் விரியும், அதில் Subject Alternative Name என்ற இடத்தில் அந்த ஒரே சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்கெல்லாம் செல்லும் என்று இருக்கும். மலிவான ஹோஸ்டிங்குகளில் சிபேனல் என்ற மென்பொருள் ஓடும். அதில் ஒரு கணக்கு எடுத்தால் ஒரு முதன்மை டொமைன் உண்டு, பிறகு கூடுதலாக எத்தனை டொமைனைச் சேர்த்தாலும், ஒவ்வொன்றுக்கும் முதன்மை டொமைனின் கீழே அதே பெயரில் ஒரு துணைப் பெயரையும் உருவாக்கிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. தானியங்கிச் சான்றிதழ் அந்தத் துணைப் பெயரையும் சேர்த்தே எடுத்துவிடும். கணக்கு வைத்திருப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஜூலை 26 சான்றிதழை விரித்தேன். நம் கடையின் பெயர், www, mail, cpanel என்று வழக்கமான வரிசை, கடைசியில் நம் கடையின் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்ட வேறொரு .in டொமைன். அதுதான் கணக்கின் முதன்மைப் பெயர். அந்த .in பெயரை crt.sh-ல் போட்டால் அதன் கீழே இன்னும் மூன்று துணைப் பெயர்கள். ஒன்று சோலார் பேனல் விற்கும் கடை, ஒன்று சோபா, ஒன்று பழைய பைக். நாலு கடைக்கும் ஒரே அமைப்பு, "எங்களைப் பற்றி" பக்கத்தில் ஒரே எழுத்துப்பிழை.

மூன்று பெயரையும் ஆர்டேப்பில் தட்டினேன். 2010, 2014, 2016. மூன்றுக்கும் last changed 2025 ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் இடையில். ஒரு டொமைனில் தற்செயல் என்று சொல்லலாம், நாலிலும் பழைய பெயர், ஒரே பருவத்தில் மாற்றம், ஒரே கணக்கு என்றால் யாரோ வேலை மெனக்கெட்டு வயதான பெயர்களாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். மாமா மாதிரி ஆட்கள் வயதைச் செக் பண்ணுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதன்மை .in பெயர் மட்டும் 2025 ஜூலை 19-ல் புதிதாகப் பதிவானது. அதைக் கடையாகக் காட்டப்போவதில்லை, அதனால் வயதுக்குக் காசு செலவழிக்கவில்லை போல. .in பதிவில் ஆள் பெயர் மறைந்திருந்தாலும் மாநிலம் தெரிந்தது. தமிழ்நாடு இல்லை, வடக்கே ஒரு மாநிலம். கோயம்புத்தூர் கடைக்கு அது பொருந்தவில்லை, ஆனால் இதை வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கவில்லை. அந்த மாநிலம் பதிவு செய்தவர் தானே நிரப்பிய கட்டம். தவிர, முதன்மை டொமைன் என்பது வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சாதாரண டிசைனருடையதாகவும் இருக்கலாம், அவர் தன் கணக்கில் பத்து வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருப்பார், அதில் ஒருவன் திருடனாக இருந்தால் மற்ற ஒன்பதும் திருட்டுக் கடை ஆகிவிடாது. இங்கே நாலும் ஒரே அச்சு என்பதால்தான் ஒரே கை என்று சொல்கிறேன்.

டொமைனை விட்டு ஒரு படி வெளியே போய்ப் பார்த்ததில் இன்னொன்று சிக்கியது. கடையின் அடியில் ஒரு ஜிஎஸ்டி எண் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு இலக்கம் 33, அதாவது தமிழ்நாடு, அதுவரை ஒழுங்கு. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் எண் உண்மை, ஆனால் அது கோயம்புத்தூரில் உண்மையிலேயே இயந்திரம் விற்கும் வேறொரு நிறுவனத்துடையது. பெயரையும் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். இந்த வாரத்தில் நீங்கள் ஐந்தாவது ஆள் என்றார் எடுத்தவர், அலுத்துப்போன குரலில்.

இந்தத் தகவல்தான் புகாரில் வேலை செய்தது. முதலில் ரெஜிஸ்ட்ராரின் abuse முகவரிக்கு "இது போலிக் கடை, பணம் வாங்கிவிட்டுப் பொருள் தருவதில்லை" என்று எழுதினேன். இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள தகராறு, நாங்கள் தலையிட முடியாது, ஹோஸ்டிங் கம்பெனியிடம் போங்கள் என்று ஒரு அச்சடித்த பதில் வந்தது. கோபம் வந்தாலும் அதில் விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் 5 முதல் ரெஜிஸ்ட்ரார்கள் சில வகைப் புகார்களுக்குக் கட்டாயம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐகேன் ஒப்பந்தத்தை மாற்றியது, ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை ஃபிஷிங், மால்வேர் மாதிரியானவை. சரக்கு அனுப்பாத கடை அதில் இல்லை. இன்னொரு நிறுவனமாக நடித்துக் கார்டு விவரம் வாங்குவது ஃபிஷிங்கில் வரும்.

அதனால் இரண்டாவது கடிதத்தை வேறு மாதிரி எழுதினேன். எந்த நிறுவனமாக நடிக்கிறது, அதன் உண்மையான முகவரி எது, கார்டு எண்ணைக் கேட்கும் பக்கத்தின் முழு முகவரி, தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், நாலு டொமைனும் ஒரே கணக்கு என்பதற்குச் சான்றிதழின் crt.sh எண். அதே கடிதம் ஹோஸ்டிங் கம்பெனிக்கும். மாமாவை விட்டு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லி, cybercrime.gov.in-ல் புகாரும் போட்டோம், கண்டுபிடித்ததையெல்லாம் அதிலும் இணைத்தோம். மறைத்து வைத்திருக்கும் பெயரையும், ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டியது யார் என்பதையும் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு, எனக்கில்லை. பணம் போய் ஆறு நாள் ஆகியிருந்ததால் 2,000 ரூபாய் அந்தக் கணக்கில் நிற்கவில்லை. கட்டாமல் தப்பியது 16,999.

ஹோஸ்டிங் கம்பெனி இரண்டாவது நாள் தளத்தை இறக்கியது. ரெஜிஸ்ட்ரார் நாலாவது நாள். ஆர்டேப்பில் இந்த வரியைப் போட்டால் தெரியும்:

```
curl -sL https://rdap.org/domain/example.com | jq '.status'
```

அதுவரை client transfer prohibited என்று மட்டும் இருந்தது. அது சாதாரணப் பூட்டு, பெரும்பாலான டொமைனிலும் இருக்கும், அதைப் பார்த்து "தடை செய்யப்பட்ட தளம்" என்று பயப்பட வேண்டியதில்லை. நாலாவது நாள் பக்கத்தில் client hold என்று ஒன்று சேர்ந்திருந்தது. அப்படி வந்தால் பெயர் பதிவில் இருக்கும், ஆனால் டிஎன்எஸ்ஸில் இருந்து எடுத்துவிடுவார்கள், யார் தட்டினாலும் திறக்காது. சோபாக் கடைக்கும் சோலார் கடைக்கும் அதே வந்தது. பைக் கடை வேறு ரெஜிஸ்ட்ராரிடம் இருந்தது, அது மட்டும் இன்னும் பத்து நாள் ஓடியது.

அக்டோபர் கடைசியில் மாமா மறுபடி கூப்பிட்டார். அதே பவர் வீடர், அதே 18,999, ஃபேஸ்புக் விளம்பரத்தில் வேறு பெயரில் வந்திருக்கிறதாம்.

"2007-ங்கறான் மாப்ள இந்தத் தடவை" என்றார். "ஆனா பழைய பக்கத்தைத் தொறந்து பார்த்தேன். ஏதோ சாக்ஸ் கடை. ஜப்பான் எழுத்து மாதிரி இருக்கு. அந்தப் புகார் லெட்டரை எனக்கு ஒரு காப்பி அனுப்பு."